கருத்தரங்குப் பேச்சாளருக்கு முன்கூட்டியே கேள்விகள் அனுப்புவது எப்படி?

"எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையின் கருத்தரங்கில் உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றிப் பேச, ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். 'மாணவர்கள் என்ன கேட்பார்கள் என்று முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்' என்றார். மாணவர்களிடம் எழுதி வாங்கியதில் நாற்பது கேள்விகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அப்படியே அனுப்பலாமா? அந்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது?"

அப்படியே அனுப்ப வேண்டாம். ஆறு கேள்விகள் போதும். ஏன் ஆறு என்பதற்குக் கணக்கு எளிது. ஒன்றரை மணி நேர அமர்வில் 50 நிமிடம் உரை, 40 நிமிடம் கேள்வி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் கை மாறி, மாணவர் எழுந்து நின்று கேட்டு முடிக்க ஒரு நிமிடம் போகும். பதிலுக்கு நான்கு நிமிடம். ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் என்றால் ஆறு கேள்விகளுக்கே அரை மணி ஆகிவிடும். மீதிப் பத்து நிமிடத்தை அரங்கில் அப்போதைக்கு எழும் கேள்விகளுக்கு விட்டுவைக்க வேண்டும். நாற்பதை அனுப்பினால், எந்த ஆறு வரும் என்று தெரியாமல் அவர் நாற்பதுக்கும் மேலோட்டமாகத் தயாராவார்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு கல்லூரியில் ஏரிப் பாசனம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்கு 27 கேள்விகள் வந்து சேர்ந்தன. இரண்டு மணி வரை விழித்திருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி குறித்துக்கொண்டேன். மறுநாள் மேடையில் அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. வேறு கேள்விகள் வந்தன. அவற்றில் ஒன்று, பின் வரிசையிலிருந்த ஒரு பெண் கேட்டது, மிக நல்ல கேள்வி. அதற்கான ஆதாரம் என் வீட்டு அலமாரியில் இருந்தது, கையில் இல்லை. 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா' என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த ஒரு கேள்வியை மட்டும் பத்து நாள் முன்னால் அனுப்பியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு முழுப் பதில் கிடைத்திருக்கும்.

எனவே நாற்பதையும் மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிடமும் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: இதற்குப் பதில் சொல்ல அவர் வீட்டில் எதையாவது எடுத்துப் பார்க்க வேண்டுமா? கல்வெட்டின் வாசகத்தைச் சரிபார்க்க வேண்டியது, ஒரு படமோ மைப்படியோ தேடி எடுக்க வேண்டியது, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் சொல்லை அளந்து பேச வேண்டியது, இவைதான் முன்கூட்டி அனுப்ப வேண்டியவை. நாற்பது ஆண்டுகள் கல்வெட்டோடு பழகியவர் நின்ற இடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை அனுப்பத் தேவையில்லை. அவை மேடையில் புதிதாக வந்தால்தான் பேச்சுக்கும் உயிர் வரும்.

உங்களிடம் சேர்ந்த கேள்விகளில் 'குடவோலை முறையை விளக்குக' என்று பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள். அது தேர்வுத்தாள் பழக்கம். அதற்குப் பதில் அவருடைய உரையே. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாணவர்களுக்கு எது தெரியவில்லை என்பது அவற்றில்தான் தெரியும். 'உத்திரமேரூரில் பெண்களுக்கு ஓட்டுரிமை இருந்ததா?', 'எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்?' என்றெல்லாம் வந்திருந்தால், அங்கே நடந்தது வாக்களிப்பு அல்ல, குலுக்கல் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று பொருள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. இந்தத் தவறான புரிதலைக் கேள்வியாக அனுப்பாமல், மின்னஞ்சலின் தொடக்கத்தில் ஒரு வரித் தகவலாகச் சொல்லிவிடுங்கள். பேச்சாளருக்கு எல்லாக் கேள்விகளையும்விட அந்த ஒரு வரி அதிகம் உதவும். எங்கிருந்து தொடங்குவது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, எடுத்த கேள்விகளைச் செப்பனிடுவது. ஒரு மாணவர், 'வயது, சொத்து, கல்வி, உறவினர் விதிகள் எல்லாம் ஏன் இருந்தன, இன்றைய தேர்தல் சட்டத்தோடு ஒப்பிட்டால் எது சிறந்தது?' என்று எழுதியிருக்கலாம். அதில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. மேடையில் இப்படி ஒன்று வந்தால் பேச்சாளர் கடைசிப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்லி முடிப்பார், ஏனென்றால் காதில் நிற்பது அதுதான். இதிலிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு பொ.ஆ. 919ஐச் சேர்ந்தது, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு 921ஐச் சேர்ந்தது. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டில் விதியை ஏன் திருத்தினார்கள்? இதைக் கேட்டால் அவர் இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருவார். மாணவரின் ஆர்வமும் அதில் போய்விடவில்லை.

ஒரு கேள்வி உங்களைத் தயங்க வைக்கும். 'அந்தச் சபை பிராமணர்களுக்கு மட்டும்தானே, அப்புறம் ஏன் இதை ஜனநாயகம் என்று பெருமைப்படுகிறோம்?' என்று யாராவது நிச்சயம் எழுதியிருப்பார்கள். விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இதை எடுத்துவிடாதீர்கள். நியாயமான கேள்வி அது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அங்கே இருந்தது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. நீங்கள் எடுத்துவிட்டாலும் அந்த மாணவர் அரங்கில் எழுந்து கேட்கத்தான் போகிறார். அப்போது பேச்சாளர் அதை முதன்முறையாகக் கேட்பார். முன்னால் அனுப்பினால் ஆதாரத்தோடு வருவார். கூர்மையை மழுக்காமல், குற்றச்சாட்டாகவும் தொனிக்காமல், சான்றைக் கேட்கும் கேள்வியாக மாற்றி எழுதுங்கள். மாற்றிய வடிவத்தை அந்த மாணவரிடம் காட்டி, 'நீ கேட்க நினைத்தது இதுதானே?' என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் தன் கேள்வியைத் துறை திருடிக்கொண்டதாக அவர் நினைப்பார். அதில் தப்பில்லை.

நான் எழுதினால் அந்த மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

பொருள்: 20ஆம் தேதி (வெள்ளி) கருத்தரங்கு: மாணவர்களின் ஆறு கேள்விகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் தொலைபேசியில் கேட்டபடி மாணவர்களின் கேள்விகளைக் கீழே தந்திருக்கிறேன்.

அமர்வு காலை 10.30க்குத் தொடங்கும். தங்கள் உரைக்கு 50 நிமிடம், கேள்விகளுக்கு 40 நிமிடம். அரங்கில் ஏறத்தாழ 120 பேர் இருப்பார்கள். பெரும்பாலோர் இளங்கலை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள், 20 பேர் முதுகலை. குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறார்கள், ஆனால் அதை வாக்களிப்பு என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். கல்வெட்டு வாசகத்தை நேரில் படித்தவர்கள் மிகச் சிலர்.

1. வயது வரம்பு 12ஆம் ஆட்சியாண்டில் 30 முதல் 60, 14ஆம் ஆட்சியாண்டில் 35 முதல் 70. இந்த மாற்றத்துக்குக் காரணம் கல்வெட்டிலேயே தெரிகிறதா, அல்லது நாம் ஊகிப்பதுதானா? (முதுகலை)

2. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய உறவினர்களும் விலக்கப்படுகிறார்கள். எந்தெந்த உறவுகள் சொல்லப்படுகின்றன? தாய்வழி உறவுகளும் அதில் வருவதை எப்படிப் புரிந்துகொள்வது? (மூன்றாம் ஆண்டு)

3. சிறுவன் ஓலையை எடுப்பதும், மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்குவதும் வரும் பகுதி சுவரில் எங்கே இருக்கிறது? படமோ மைப்படியோ காட்ட இயலுமா? (இரண்டாம் ஆண்டு)

4. இரண்டு முறையும் அரசன் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்துதான் சபை முடிவெடுத்திருக்கிறது. அப்படியானால் இந்த விதிகள் சபையுடையவையா, அரசனுடையவையா? (முதுகலை)

5. இது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. அதே ஊரில் வாழ்ந்த மற்றவர்களுக்கு ஊர் நிர்வாகத்தில் இடம் இருந்ததற்குச் சான்று உண்டா? பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் குடவோலை நடந்ததா? இதை ஜனநாயகம் என்று அழைக்கலாமா என்ற விவாதம் மாணவர்களிடையே பலமாக இருக்கிறது. (மூன்றாம் ஆண்டு)

6. அகநானூற்றின் 77ஆம் பாடலில் கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கும் உவமை வருகிறது. அதையும் உத்திரமேரூர் முறையையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது சரியா? (தமிழ்த் துறை மாணவி)

முதல் மூன்றும் தங்கள் உரையிலேயே வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். அப்படி வந்தால் கேள்வி நேரத்தில் அவற்றை மீண்டும் கேட்க மாட்டோம். இவை தவிர அரங்கிலிருந்து இரண்டு மூன்று கேள்விகள் வரக்கூடும்.

எழுத்தில் பதில் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. இவற்றில் எதையாவது தவிர்க்க விரும்பினால் எண்ணை மட்டும் சொல்லுங்கள், போதும். காட்ட வேண்டிய படங்கள் இருந்தால் 17ஆம் தேதிக்குள் அனுப்பினால் திரையில் போட்டுப் பார்த்து வைத்துவிடுவோம். உரை வீடியோவாகப் பதிவு செய்யப்படும், தங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிட மாட்டோம்.

அமர்வை நடத்தும் பேராசிரியருக்கும் இதன் நகலை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
பெயர், துறை, கைப்பேசி எண்

இதில் சில இடங்களை மட்டும் விளக்குகிறேன்.

கேள்விக்கு எண் போடுவது அலங்காரத்துக்கு அல்ல. பெரியவர்கள் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத மாட்டார்கள், போன் செய்வார்கள். 'அந்த நாலாவதை விட்டுவிடுங்கள்' என்று சொல்ல எண் வேண்டும். மாணவர்களின் பெயர்களை எழுதாமல் எந்த ஆண்டு என்று மட்டும் எழுதியதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லும் பதிலும் முதுகலை மாணவருக்குச் சொல்லும் பதிலும் ஆழத்தில் வேறு. பெயரால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐந்தாவது கேள்வியில் பெயர் இருந்தால், கேட்டது யார், எந்தப் பின்னணி என்று மனம் வேறெங்கோ போகும்.

'உரையிலேயே வந்துவிடலாம்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். முன்கூட்டிக் கேள்வி அனுப்புவதில் அடிக்கடி நேரும் சிக்கல் அதுதான். நல்ல பேச்சாளர் கேள்விகளைப் படித்ததும் அவற்றுக்கான பதில்களை உரையிலேயே கோத்துவிடுவார். பிறகு கேள்வி நேரத்தில் மாணவர் எழுதி வைத்ததை அப்படியே படிப்பார். 'அதைத்தான் இப்போது சொன்னேனே' என்று அவர் சொல்லும்போது கேட்ட பிள்ளை தலைகுனிந்து உட்காரும். இதைத் தடுக்க ஒரே வழி, அமர்வை நடத்துபவர் கையில் ஆறு கேள்விகளும் அச்சிட்ட தாள் இருப்பதுதான். உரை நடக்க நடக்க, வந்த பதில்களை அவர் அடித்துக்கொண்டே வர வேண்டும். பாதி மட்டும் வந்திருந்தால் ஓரத்தில் ஒரு கோடு போதும், மீதியைக் கேட்கலாம்.

எழுத்தில் பதில் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். சிலர் கேள்வித்தாள் வந்ததும் விடைத்தாள் கொடுக்க வேண்டுமோ என்று எண்ணி நாலு பக்கம் எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு மேடையில் அதையே பார்த்துப் படிப்பார்கள். எழுதியதைப் படிக்கும் பேச்சில் அவருடைய அனுபவம் வெளியே வராது. சுவரில் அந்த எழுத்தை எப்படிப் படித்தோம், எந்தச் சொல்லில் தடுமாறினோம் என்பதெல்லாம் வாய்ப்பேச்சில்தான் வரும். அதைக் கேட்கத்தானே அவரை அழைத்திருக்கிறீர்கள்.

கேள்விகளை மின்னஞ்சலின் உடலிலேயே, யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். நம் கல்லூரி அலுவலகங்களில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து, வேர்டு கோப்பாக இணைத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் ஒரு வரி தமிழும் தெரியாது, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் உங்களிடம் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிடுவார். கேள்விகளே கிடைக்காமல் ஒருவர் மேடைக்கு வந்திருக்கிறார் என்பது அன்று காலைதான் உங்களுக்குத் தெரியும். அச்செடுத்துப் படிப்பவராக இருந்தால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்து ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்கள். அழைப்பு அனுப்பிய பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக இதையும் அனுப்பினால் நாள், இடம், பயண ஏற்பாடு எல்லாம் அவருக்கு ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் பொருள் வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.

எப்போது அனுப்புவது என்று கேட்பீர்கள். பத்து முதல் பன்னிரண்டு நாள் முன்னால். ஒரு மாதம் முன்னால் அனுப்பினால் படித்து வைத்துவிட்டு மறந்துபோவார். மூன்று நாள் முன்னால் என்றால் நூலகம் போக நேரம் இருக்காது. அனுப்பிய அன்றே வாட்ஸ்அப்பில் 'ஐயா, கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்' என்று ஒரு வரி போடுங்கள். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை போன் செய்யுங்கள். 'எழுத்து சரியாகத் தெரிகிறதா ஐயா?' என்று கேட்டால் அவரை அவசரப்படுத்தியதாகவும் ஆகாது, உங்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

அனுப்பிய பிறகு கேள்விகளை மாற்றாதீர்கள். துறைத்தலைவர் கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அதை அரங்கிலிருந்து வரும் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதிதாக முழுப் பட்டியல் அனுப்பாமல், 'இரண்டாவதுக்குப் பதிலாக இது' என்று மாறியதை மட்டும் சொல்லுங்கள். இரண்டு பட்டியல்கள் கையில் இருந்தால் அவர் பழையதைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்.

அவர் ஒரு கேள்வியைத் தவிர்க்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அது ஐந்தாவது கேள்வியாக இருந்தால் மட்டும், 'மாணவர்கள் அரங்கிலேயே கேட்டுவிடக்கூடும் ஐயா, நாங்கள் தடுக்க முடியாது' என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்ல மாட்டார்கள். 'அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும், உரையை 40 நிமிடமாகக் குறைத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு.

மீதமான முப்பத்துச் சொச்சம் கேள்விகளைப் பத்திரமாக வையுங்கள். அன்று அரங்கில் யாரும் எழுந்து கேட்காமல் அமைதியாக இருந்தால், அமர்வை நடத்துபவர் அதிலிருந்து ஒன்றை எடுத்து, எழுதிய மாணவரையே எழுப்பிக் கேட்கச் சொல்லலாம்.